ஜவுளிக்கடை உள்ளகக் குழு: கோரம் எத்தனை, அறிக்கை யாருக்கு?

“வக்கீல் அம்மா, திருநெல்வேலியில் எங்கள் ஜவுளிக்கடையில் 62 பேர் வேலை பார்க்கிறோம். சங்கரன்கோவில் கிளையில் 14 பேர். பெண்களின் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவை உடனே அமைத்து, அதன் நோக்கம், உறுப்பினர், குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கோரம், கூட்டம், யாருக்கு அறிக்கை என்று ஒரு பணி வரையறை எழுதி வைக்கச் சொல்கிறார் ஆடிட்டர். முதலாளி அண்ணாச்சி, பங்குதாரரான தன் மனைவியைத் தலைவியாகப் போடு, மொத்தம் நாலு பேர் போதும், அறிக்கை மேனேஜர் பார்த்துவிட்டு என்னிடம் வரட்டும் என்கிறார். எழுதும் பொறுப்பு என் தலையில். எப்படி எழுத?” – அலுவலகப் பெண் ஊழியர், திருநெல்வேலி

அண்ணாச்சி சொன்ன மூன்றில் இரண்டை அப்படியே எழுதினால் சட்டப்படி செல்லாது. மூன்றாவது, அதாவது நாலு பேர் என்பது, சட்டப்படி சரிதான். ஆனால் முதல் புகாரிலேயே அது உங்களைக் கைவிட்டுவிடும். அதை அப்புறம் விளக்குகிறேன்.

சங்கம், டிரஸ்ட் போன்றவற்றில் ஒரு துணைக்குழுவுக்குப் பணி வரையறை எழுதும்போது கோரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் பாதியை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கின்றன. அந்தப் பாதியைக் குறைக்காமல், மிச்சத்தை நிரப்புவதுதான் உங்கள் வேலை.

நோக்கத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். எல்லையை மட்டும் விரிவாக எழுதுங்கள். தினக்கூலிக்கு வருபவர், தற்காலிகமாக எடுத்தவர், ஏஜென்ட் மூலம் வந்தவர், பயிற்சிக்கு வந்தவர் எல்லோரும் சட்டத்தின் பார்வையில் ஊழியர்தான். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து இரண்டு மாதத்துக்கு வரும் பெண் பிள்ளைகளை “அவங்க நம்ம ஆள் இல்லை” என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி வெளிப்படையாக எழுதுங்கள். இரவு கடை அடைத்ததும் அவர்களை ஊரில் இறக்கிவிடும் கடை வேனும் பணியிடமே. வேன், குடோன், கடை நடத்தும் விடுதி மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

இனி உறுப்பினர். குழுவின் தலைவியான தலைமை அலுவலர் உங்கள் கடையில் மூத்த நிலையில் வேலை பார்க்கும் பெண்ணாக இருக்க வேண்டும். பங்குதாரர் ஊழியர் அல்ல. நிர்வாகத்தில் கை வைப்பவர் என்றால் அவரே முதலாளி. குழு கொடுக்கும் அறிக்கையை வாங்க வேண்டியவர் அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்க முடியாது. இருபது வருடமாகப் பட்டுப்புடவைப் பிரிவைப் பார்க்கும் சூப்பர்வைசர் அக்கா ஒருவர் இருந்தால் அவரைப் போடுங்கள். அப்படி யாரும் இல்லை என்றால் கிளையிலிருந்து மூத்த பெண் ஊழியர் ஒருவரை நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. அவரோடு ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர், வெளியிலிருந்து ஒருவர். வெளி உறுப்பினர் பெண்கள் நலனுக்காக உழைக்கும் அமைப்பைச் சேர்ந்தவராகவோ, இந்தப் பிரச்சினைகளை அறிந்தவராகவோ இருக்க வேண்டும். அமைப்பிலிருந்து வருபவருக்கு விசாரணை நாள் ஒன்றுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும் முதலாளி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. மொத்த உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள். பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது.

சரி, நாலு பேர் ஏன் ஆபத்து? விசாரணை நடக்கும்போது தலைமை அலுவலரையும் சேர்த்துக் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்கிறது விதி 7. இந்தக் கோரத்தை உங்களால் குறைக்க முடியாது. நான் பார்த்த ஒரு வழக்கில் குழுவில் நாலே பேர். புகாருக்கு ஆளானவரின் மாமா அதில் ஒருவர், ஒதுங்கிக்கொண்டார். இன்னொரு பெண் உறுப்பினர் பேறுகால விடுப்பில் இருந்தார். மிச்சம் இரண்டு பேர். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் உட்கார்ந்து நான்கு சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிந்தார்கள். மேல்முறையீட்டில் கோரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் எல்லாம் போயிற்று. அந்தப் பெண் நடந்ததை முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. மேசைக்கு எதிரே அவர் தலை குனிந்து துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் ஆறு பேரை நியமியுங்கள். தலைமை அலுவலர், ஊழியர் நாலு பேர், வெளி உறுப்பினர். ஒருவர் சொந்தக்காரர் என்று ஒதுங்கி, ஒருவர் விடுப்பில் போனாலும் நாலு பேர் மிஞ்சுவார்கள். ஊழியர் நாலு பேரையும் ஒரே பிரிவில் எடுக்காதீர்கள். ஒரே பிரிவு என்றால் எல்லோரும் சேர்ந்தே ஒதுங்க வேண்டி வரும்.

ஒரு ஓட்டை மட்டும் மிஞ்சும். தலைமை அலுவலரே ஒதுங்க நேர்ந்தால் எத்தனை பேர் இருந்தும் கோரம் வராது. “மூத்த உறுப்பினர் தலைமை தாங்குவார்” என்று எழுதுவது போதாது. கோரப் பத்தியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: “விசாரணை அமர்வு ஒவ்வொன்றிலும் தலைமை அலுவலர் உட்பட மூன்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும். இறுதி அறிக்கையை முடிவு செய்யும் அமர்வில் வெளி உறுப்பினரும் இருக்க வேண்டும். தலைமை அலுவலர் விலக நேர்ந்தால், விசாரணை தொடங்கும் முன் முதலாளி எழுத்து மூலம் வேறொரு மூத்த பெண் ஊழியரைத் தலைமை அலுவலராக நியமிப்பார்.” நடு வாக்கியத்தைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். கடைக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதிய அறிக்கையை அந்தப் பெண் நம்புவது கடினம்.

எத்தனை முறை கூட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எழுதி, அதில் ஒரு கூட்டம் ஆடிக்கு முன்னும் ஒன்று தீபாவளிக்கு முன்னும் விழும்படி பாருங்கள். புதுப் பிள்ளைகள் சேரும் நேரம் அதுதான். புகார் வந்தால் ஏழு நாளுக்குள் கூட வேண்டும் என்று தனியாக ஒரு வரி வேண்டும், ஏனென்றால் விசாரணையை 90 நாளில் முடித்தாக வேண்டும்.

அறிக்கை விஷயத்தில் அண்ணாச்சியிடம் கொஞ்சம் அழுத்தியே பேசுங்கள். விசாரணை முடிந்த பத்து நாளுக்குள் அறிக்கை நேராக முதலாளியிடம் போக வேண்டும். இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும். முதலாளி 60 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். நடுவில் மேனேஜருக்கு வேலையே இல்லை. புகாரின் விவரமும் பெயர்களும் ரகசியமாகக் காக்கப்பட வேண்டியவை. அவர் கைக்கு வந்த நாளே கவுண்டர் வரைக்கும் தெரிந்துவிடும். புகாரே மேனேஜர் மீது என்றால்? அவர் திருத்திய அறிக்கையை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார். புகார் முதலாளி மீதே என்றால் உங்கள் குழுவுக்கு அதிகாரம் இல்லை. அது மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகும். இந்த வரியும் வரையறையில் இருக்கட்டும். இது தவிர, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டறிக்கை ஒன்றை முதலாளிக்கும் மாவட்ட அலுவலருக்கும் குழு அனுப்ப வேண்டும். புகார் ஒன்றுமே வரவில்லை என்றாலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்புங்கள்.

சங்கரன்கோவில் கிளையை மறந்துவிடாதீர்கள். பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் அங்கே தனிக் குழு வேண்டும். 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு அந்த ஊர் தென்காசி மாவட்டம். ஆகவே அந்தக் குழுவின் ஆண்டறிக்கை தென்காசிக்குப் போக வேண்டும். ஒரு வெளி உறுப்பினர் இரண்டு குழுவிலும் இருக்கலாம்.

குழுவே அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நியமன ஆணையில் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டதும் அதைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியாக வேண்டும். பில் கவுண்டருக்குப் பின்னால் உள்ள சுவர் வேண்டாம். பெண் ஊழியர்கள் சாப்பாட்டுப் பை வைக்கும் அறையிலும் விடுதி வாசலிலும் ஒட்டுங்கள், வெளி உறுப்பினரின் ஃபோன் நம்பரோடு.