தாத்தா கையை நீட்டினால் கட்டைக் கொடுங்கள்

*கேள்வி: எனக்கு 22 வயது. சீட்டை முன்கூட்டியே வரிசையாக அடுக்கிவைத்து, ஒருவர் எடுத்த சீட்டைச் சொல்லும் வித்தையைக் கற்றுக்கொண்டேன். அடுத்தடுத்த சீட்டு மூன்று மூன்றாகக் கூடும், ஜாதி கிளாவர், ஆர்ட்டின், ஸ்பேட், டைமன் என்று மாறும். போன வாரம் குடும்பமே கூடியிருந்தபோது செய்தேன். கீழே ஸ்பேட் ராணி இருந்தது. ராணி 12, மூன்றைக் கூட்டினால் 15 வந்தது, அப்படியே நின்றுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு முன்பே தாத்தா "நான் கலைச்சுத் தரேன்" என்று கேட்டார், கெட்டுப்போகும் என்று கட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் மறுபடி கூடுகிறோம். கலைப்பது போல ஏமாற்றும் கைவேலையைக் கற்றுக்கொள்ளட்டுமா? பதற்றம் போக என்ன செய்வது?*

பதற்றத்தைப் பிறகு பார்ப்போம் தம்பி. வீட்டுக்குப் பெரியவர் கையை நீட்டுகிறார், நீங்கள் கட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறீர்கள். இதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டு, சிரித்தவர்களைப் பற்றி வருத்தப்படுகிறீர்கள். உங்கள் வித்தை 15-ல் நின்றதாக நினைக்கிறீர்கள். அது தாத்தாவின் கை வெறுமனே திரும்பியபோதே முடிந்துவிட்டது. கட்டைத் தொடவிடாதவன் எதையோ மறைக்கிறான் என்று கூடியிருந்த அத்தனை பேருக்கும் அப்போதே தெரிந்திருக்கும். மரியாதையும் போயிற்று, ரகசியமும் போயிற்று.

இத்தனைக்கும் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் அடுக்கு சை ஸ்டெபின்ஸ் என்ற அமெரிக்க மேடைக் கலைஞரின் பெயரால் அறியப்படுவது. இதே மாதிரி அடுக்கு 1593-ல் வந்த ஒரு இத்தாலியப் புத்தகத்திலேயே இருக்கிறது. இவ்வளவு காலம் அது தாக்குப்பிடித்ததற்குக் காரணம், வெட்டினால் அது கெடாது என்பதுதான். மேலே கிளாவர் ஏஸ், அடுத்து ஆர்ட்டின் 4, ஸ்பேட் 7, டைமன் 10, கிளாவர் ராஜா, ஆர்ட்டின் 3 என்று போய், 52-வது சீட்டாக டைமன் ஜாக்கி வரும். கடைசியில் அது வரவில்லையென்றால் அடுக்கியதில் தப்பு, அல்லது கட்டில் ஒரு சீட்டு குறைகிறது. ஜோக்கரை எடுத்தீர்களா என்றும் பாருங்கள். அந்த ஜாக்கியோடு மூன்றைக் கூட்டி அடுத்த ஜாதிக்குப் போனால் திரும்பவும் கிளாவர் ஏஸ்! முடிவு ஆரம்பத்தோடு சேர்ந்துவிடுகிறது. அதனால் யார் எங்கே வெட்டி, கீழ்ப்பாதியைத் தூக்கி மேல்பாதியின் மேல் வைத்தாலும் வரிசை அப்படியே இருக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் வெட்டலாம்.

ஆகவே அடுத்த முறை தாத்தா கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். கட்டை முதலில் அவர் முன்னால் வைத்து, "தாத்தா, நீங்க வெட்டுங்க" என்று சொல்லுங்கள். திருப்தியாகும்வரை வெட்டட்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள், மேலிருந்து கொஞ்சம் எடுத்து நடுவில் செருகிவிடக் கூடாது. அதனால் வெட்டிய இரண்டு பாதியும் மேசையில் கண்ணுக்குத் தெரிய வைக்கப்படட்டும்.

அப்புறம் சீட்டுகளைக் கவிழ்த்தபடியே விரியுங்கள், அவர் ஒன்றை உருவட்டும். உருவிய இடத்தில் கட்டைப் பிரித்து, மேலே இருந்த பகுதியைக் கீழே போட்டுவிடுங்கள். இப்போது அடியில் இருப்பது அவர் சீட்டுக்கு முந்தைய சீட்டு. அவர் தன் சீட்டைப் பார்க்கும் நேரத்தில் மற்றவர்களும் அதைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சமயம் கட்டின் விளிம்பை மேசையில் தட்டிச் சீராக்குவது போல அடிச்சீட்டைப் பார்த்துவிடுங்கள். டைமன் 9 என்றால் அவரிடம் இருப்பது கிளாவர் ராணி.

நீங்கள் மாட்டிக்கொண்ட இடத்தில் கணக்கே போட வேண்டாம். ஜாக்கிக்கு ஏஸ், ராணிக்கு 2, ராஜாவுக்கு 3 என்ற மூன்றை மட்டும் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்யுங்கள். பதற்றம் வருவது கூட்டத்தால் அல்ல, அத்தனை பேர் முன்னால் 15-லிருந்து 13-ஐக் கழிக்கப் பார்ப்பதால். ஸ்பேட் ராணியைப் பார்த்ததும் டைமன் 2 என்று வாய் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு தாத்தாவின் சீட்டைக் கட்டின் மேலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அதன் பழைய இடம், அடுக்கு முழுசாகத் திரும்பிவிடும். உடனே "இன்னொரு தடவை" என்று சத்தம் வரும். செய்யாதீர்கள். இரண்டாவது தடவை எல்லோர் கண்ணும் உங்கள் கையில்தான் இருக்கும்.

"இல்லைப்பா, நான் கலைக்கணும்" என்று தாத்தா பிடிவாதம் பிடித்தால்? பிடிக்கட்டும். சீட்டு ஆடியவர்களுக்கு வெட்டினால் மட்டும் போதாது. கலைப்பது போல ஏமாற்றும் கைவேலை என்று கேட்டீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. தாத்தாவை ஏய்க்கப் பழகுவதைவிட அவரையே கலைக்க விட்டுவிடலாம். உங்கள் அடுக்கை ஒருமுறை முகம் தெரிய விரித்துப் பாருங்கள். கருப்பு, சிவப்பு, கருப்பு, சிவப்பு என்று மாறி மாறிப் போகும். (அதனால்தான் கட்டை மற்றவர்கள் எதிரில் முகம் தெரிய விரிக்கக் கூடாது.) இதை வைத்தே இன்னொரு வித்தை இருக்கிறது. நார்மன் கில்பிரெத் என்ற அமெரிக்க வித்தைக்காரர் 1958-ல் வெளியிட்ட தத்துவம் அது.

கட்டின் மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். பாதி வாக்கில் தாத்தா எங்கே "போதும்" என்கிறாரோ அங்கே நிறுத்துங்கள். கையில் இருப்பதையும் மேசையில் இருப்பதையும் அவரே ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி ஒரே ஒரு தடவை கலக்கட்டும். சீட்டு ஆடுகிறவர்கள் போல விரலால் சரசரவென்று விடத் தெரியாவிட்டாலும், விரல் மடங்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு பாதியின் ஓரத்தையும் கோத்து மெதுவாகத் தள்ளினால் போதும், எவ்வளவு கோணல்மாணலாகக் கலந்தாலும் சரி. பிறகு மேலிருந்து இரண்டிரண்டாக எடுத்து வைத்தால், 26 ஜோடியிலும் ஒன்று சிவப்பு, ஒன்று கருப்பு. ஒவ்வொன்றாகப் போட்டபோது ஒரு பாதியின் வரிசை தலைகீழானதுதான் ரகசியம். அந்த வேலையை விட்டுவிட்டுக் கட்டைச் சும்மா இரண்டாக வெட்டிக் கொடுத்தால் ஜோடி சேரும் என்று நம்ப முடியாது. கையில் பிடித்துக் கொத்துக் கொத்தாக எடுத்துப் போட்டுக் கலைத்தாலும் அதே கதைதான். அதனால் "இப்படித் தள்ளுங்க தாத்தா" என்று முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள்.

இதற்குப் பிறகு மூன்று மூன்றாகக் கூடும் வரிசை போய்விடும். எனவே சீட்டைச் சொல்வதை முதலில் செய்யுங்கள், ஜோடி வித்தை பின்னால்தான்.

அடுத்த மாதம் வரை இருக்க வேண்டாம். இந்த வாரமே தாத்தாவிடம் போங்கள். அன்றைக்கு அப்படிச் செய்தது தப்பு என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டு, கட்டை அவர் கையில் கொடுத்து இரண்டையும் செய்து காட்டுங்கள். அவர் கண்டுபிடித்துவிட்டால் மழுப்பாதீர்கள், அவருக்கு மட்டும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த மாதம் ஜோடிகளை எடுத்து வைப்பது அவராக இருக்கட்டும். சிரித்தவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.