வீடு விற்கப்போகிறோம், குடியிருப்பவர்களுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

"ஹட்டன்ல எங்க வீட்ட விக்கப் போறோம். 2021 மார்ச் 10இல இருந்து ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்காங்க. எழுத்துல ஒப்பந்தம் ஒண்ணும் இல்ல, மாசா மாசம் 10ஆம் திகதி 30,000 ரூபா வாடகை. அட்வான்ஸ் 90,000. எத்தன நாள் குடுக்கணும், கடிதத்துல என்ன எழுதணும்?"

முதலில் திகதியைச் சரியாகப் பிடியுங்கள். பெரும்பாலான கடிதங்கள் பிழைப்பது அங்கேதான். உங்கள் வாடகை மாதம் 1ஆம் திகதி தொடங்குவதில்லை. 10இல் தொடங்கி அடுத்த மாதம் 9இல் முடிகிறது. மாதாந்த வாடகைக்குக் குறைந்தது ஒரு முழு வாடகை மாதம் அறிவித்தல் கொடுக்கவேண்டும், அது வாடகை மாதம் முடியும் நாளிலேயே முடியவும் வேண்டும். ஓகஸ்ட் 25இல் கடிதம் கொடுத்து "செப்டம்பர் 30க்குள் காலி செய்யுங்கள்" என்று எழுதினால் அந்த அறிவித்தலை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே வரியில் தள்ளிவிடுவார். அதே கடிதத்துக்குச் சரியான கடைசி நாள் ஒக்டோபர் 9.

அது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். நாலு வருடத்துக்கு மேல் இருந்த குடும்பத்துக்கு ஒரு மாதம் போதாது. டவுன் பக்கம் வீடு கிடைப்பது கஷ்டம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கத்தில் வேண்டும். மூன்று மாதம் கொடுங்கள். செப்டம்பர் 10க்கு முன் கடிதம் அவர்கள் கையில் இருந்தால் டிசம்பர் 9 கடைசி நாள். வாங்குபவரிடம் விற்பனை உடன்படிக்கை எழுதும்போது அதற்கும் இரண்டு வாரம் பிந்திய நாளையே வீடு ஒப்படைக்கும் நாளாகப் போடுங்கள். வீட்டை விற்பதால் மட்டும் வாடகை உரிமை முடிந்துவிடாது. அவர்கள் இருக்கும்போதே உறுதி எழுதினால் புதிய உரிமையாளர்தான் அவர்களின் வீட்டுக்காரர் ஆவார்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: வீடு 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வருகிறதா என்று. பழைய வீடுகள் சில வரும். வந்தால், விற்பனை என்பது வெளியேற்றுவதற்கான காரணமே அல்ல. சட்டத்தரணியைப் பார்த்த பிறகே கடிதம்.

கடிதம் இவ்வளவு போதும்:

*25.08.2025*

*அன்புடையீர்,*

*2021.03.10 முதல் மாதாந்த வாடகைக்கு நீங்கள் குடியிருக்கும் (முழு விலாசம்) வீட்டை விற்பதற்குத் தீர்மானித்துள்ளேன். ஆகவே 2025.12.09 அன்றுடன் உங்கள் வாடகை உரிமை முடிவுறுகிறது என்பதையும், அன்று வீட்டை ஒப்படைக்கவேண்டும் என்பதையும் இத்தால் அறிவிக்கிறேன். அதுவரை வாடகை மாறாது. முற்பணம் 90,000 ரூபாவில், புதிய வீடு பார்த்ததும் 45,000 ரூபாவும், மீதி சாவி ஒப்படைக்கும் நாளில் மின்சார, தண்ணீர் பாக்கியும் உடைந்த சாமான்களின் செலவும் கழித்தும் தரப்படும். வீடு பார்க்க வருபவர்களைக் குறைந்தது ஒரு நாள் முன் உங்களிடம் சொல்லியே அழைத்து வருவேன். 2025.12.09க்கு முன்னரே நீங்கள் போக விரும்பினால், போகும் நாள்வரைக்குமான வாடகை மட்டும் போதும்.*

*இப்படிக்கு,*
*(பெயர், கையொப்பம்)*

அந்த 45,000 ரூபாவை வெட்டிவிடாதீர்கள். புது வீட்டுக்காரரும் அட்வான்ஸ் கேட்பார், இவர்களின் காசோ உங்களிடம் மாட்டியிருக்கிறது. வீடு பார்த்தும் குடிபோக முடியாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முழுத் தொகையையும் முன்னரே கொடுத்தால் உடைந்த சாமானுக்கும் பில் பாக்கிக்கும் பிடிக்க ஒன்றும் இராது. பாதி கொடுப்பது இரு பக்கத்துக்கும் நியாயம்.

மீதியில் எதைக் கழிக்கலாம் என்பதிலும் கவனம் வேண்டும். உடைந்த கண்ணாடி, கழற்றிக்கொண்டு போன பைப் தலை என்றால் கழிக்கலாம். மலையகத்துக் குளிரிலும் மழையிலும் சுவரில் பூத்த பூஞ்சணமும் உப்பிய பெயின்ட்டும் குடியிருந்தவர் செய்த சேதமல்ல. சாவி வாங்கும் நாளில் மின்மானியும் நீர்மானியும் காட்டும் இலக்கத்தை இரண்டு பேருமே எழுதிக் கையொப்பமிடுங்கள். பிறகு வரும் பில்லில் தகராறு இராது.

கடிதத்தை மூன்று பிரதியாக எடுத்து, ஒன்றை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் "கிடைத்தது" என்று திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அதே நாளில் மூன்றாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தபால் நாள் எடுக்கும், அதனால் 9ஆம் திகதிக்கு நெருங்க விடாதீர்கள்.

டிசம்பர் 9 தாண்டியும் போகாவிட்டால், அதற்குப் பிறகு வாங்கும் பணத்துக்கு "வாடகை" என்று ரசீது எழுதாதீர்கள். புதிய வாடகை தொடங்கியது என்று வாதிட அது இடம் கொடுக்கும். "வீட்டைப் பாவித்ததற்கான தொகை, அறிவித்தலுக்குப் பாதகமின்றி" என்று எழுதுங்கள். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை வெட்டுவது இரண்டும் வேண்டாம். மாவட்ட நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாரையும் வெளியே போட முடியாது. அப்படிச் செய்தால் வழக்கில் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டி வரும்.