சான்றிதழுக்கும் சம்பாத்தியத்துக்கும் நடுவே

'வணிகவியல் பட்டம் பெற்று, பத்து வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 34. கவுன்சலிங் துறைக்கு மாற ஆசை. ஓராண்டு டிப்ளமோ முடித்ததும் தனியாகப் பிராக்டிஸ் தொடங்கலாம், தினம் எட்டுப் பேரைப் பார்த்தால் இப்போதைய சம்பளத்தைத் தாண்டிவிடலாம் என்கிறார்கள். நம்பலாமா?'
– ஒரு வாசகி

தினம் எட்டுப் பேர் என்பது காகிதத்தில்தான் நடக்கும். ஓர் அமர்வு சுமார் 50 நிமிடம். அது முடிந்ததும் குறிப்பு எழுத வேண்டும், அடுத்தவர் வருவதற்குள் மனத்தைக் கொஞ்சம் காலி செய்துகொள்ள வேண்டும். ஆறாவது ஆள் வரும்போது காது கேட்கும், கவனம் இருக்காது. வாரத்துக்கு 20 அமர்வு என்பதே முழுநேர வேலைதான்.

கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், கணக்காகவே பார்த்துவிடுவோம். ஓர் அமர்வின் கட்டணத்தை 1 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் எட்டுப் பேர், வாரம் ஐந்து நாள், வருடம் 52 வாரம் என்றால் 2,080 பங்கு. உங்களுக்குக் காட்டப்பட்ட ஆசை இதுதான். இனி, பதிவானது 20, அதில் மூன்று பேர் வரவில்லை, வந்தவர்களில் இருவருக்குப் பாதிக் கட்டணம் என்று கொள்வோம். வாரத்துக்கு 16 பங்கு. விடுமுறை, உடல்நலக் குறைவு, ஆட்கள் குறையும் மாதங்கள் போக 44 வாரம் என்றால் 704. அறை வாடகை, மேற்பார்வைக் கட்டணம், காப்பீடு, தொடர்பயிற்சி எல்லாவற்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு போனால் கையில் நிற்பது சுமார் 470. சொன்னதில் கால்வாசிகூட இல்லை. இதுவும் ஆட்கள் தேடி வரத் தொடங்கிய பிறகு உள்ள கணக்கு. முதல் வருடம் 20 இடமும் நிரம்பும் என்று எண்ணவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை மேற்பார்வைப் பயிற்சியில் இருக்கிறது. படிப்பு முடித்தவர் அனுபவசாலி ஒருவரின் கண்காணிப்பில் இத்தனை மணி நேரம் ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும் என்று உரிமம் அல்லது அங்கீகாரம் தரும் அமைப்புகள் கேட்கும். அளவு புரிய ஓர் எடுத்துக்காட்டு: பிரிட்டனின் பி.ஏ.சி.பி. என்ற கவுன்சலர்கள் அமைப்பு தனிநபர் அங்கீகாரத்துக்கு 450 மணி நேரம் கேட்கிறது. மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் மேற்பார்வையாளரோடு உட்காரவும் வேண்டும். வேலையை விடாமல் மாலை நேரத்தில் வாரம் ஐந்து பேர், வருடம் 42 வாரம் என்று பார்த்தால் 210 மணி நேரம்தான் சேரும். 450-க்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இந்த மணி நேரங்களுக்குப் பெரும்பாலும் காசு வராது, மேற்பார்வைக்கு நீங்களே கட்டணம் கட்ட வேண்டியும் வரலாம்.

பலர் வழுக்குவது இந்த மணி நேரங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில். தேதி, ஆளின் பெயருக்குப் பதில் ஒரு குறியீடு, எத்தனை நிமிடம், தனியரா குடும்பமா, மேற்பார்வையாளரின் கையெழுத்து. ஒரு வரிக்கு இவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து மொத்தமாகக் கையெழுத்து வாங்கலாம் என்று விட்டால், அவர் வேலை மாறிப் போயிருப்பார். வகுப்பில் சக மாணவரோடு நடித்துப் பழகியதும், வராத ஆளுக்காகக் காத்திருந்ததும் கணக்கில் சேராது. குழு மேற்பார்வையில் உட்கார்ந்த நேரம் முழுதாகச் சேரும் என்றும் நினைக்காதீர்கள். மேற்பார்வையாளருக்கு அதற்கான தகுதி உண்டா என்பதை, தொடங்கும் முன்பே அமைப்பிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குத் தகுதி இல்லையென்றால் உங்கள் மணி நேரங்கள் செல்லாமல் போகலாம்.

மருத்துவ உளவியல் வேறு பாதை. மனநிலைச் சோதனைகள், நோய் கண்டறிதல் என்று அதன் வேலையும் பெரியது, படிப்பும் நீளம். வணிகவியலிலிருந்து வருபவர் உளவியல் பட்டத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் நிலையில் நான் முதலில் பார்ப்பது முதுகலை சமூகப்பணி. எந்தப் பட்டம் முடித்தவரையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள், களப்பயிற்சி படிப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது (அமெரிக்காவில் அது குறைந்தது 900 மணி நேரம்), முடித்ததும் மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் நலம் என மாதச் சம்பள வேலைக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளம் பெரிதாக இருக்காது, முதல் வருடங்களில் இப்போது வாங்குவதைவிடக் குறையவும் கூடும். ஆனால் ஒன்றாம் தேதி வரும். கவுன்சலிங்கை அதன் மேல் கட்டிக்கொள்ளலாம்.

டிப்ளமோவுக்குப் பணம் கட்டும் முன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். 'இந்தச் சான்றிதழை எந்தப் பதிவு அமைப்பு ஏற்கிறது?' பெயர் சொன்னால் அந்த அமைப்பின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். 'பயிற்சிக்கு ஆட்களையும் மேற்பார்வையாளரையும் நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, நானே தேட வேண்டுமா?' 'நீங்களே தேடிக்கொள்ளலாம், சுலபம்தான்' என்று பதில் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.