கர்ப்ப காலத்தில் பவர் ஏறியிருக்கிறது, புதுக் கண்ணாடி போடலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது, இப்போது ஏழாவது மாதம். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2 கண்ணாடி போடுகிறேன். மூன்று வருஷமாக பவர் மாறவே இல்லை. ஆனால் ஒரு மாதமாகத் தூரத்து எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. கண்ணாடிக் கடையில் பார்த்ததில் இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.75 வந்தது. வீட்டில், பிரசவம் முடியட்டும் என்கிறார்கள். இப்போதே மாற்றலாமா? மாற்றாமல் விட்டால் கண் கெட்டுவிடாதா?

பதில்:

பிரசவம் முடியும்வரை காத்திருப்பதுதான் நல்லது. பழைய கண்ணாடியையே போட்டுக்கொண்டிருந்தால் கண் கெட்டுப்போகாது. வளர்ந்த ஒருவர் குறைந்த பவர் கண்ணாடி போடுவதால் பவர் ஏறிவிடுவதில்லை. ஆனால் கண்ணாடியைப் பற்றி யோசிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு சிலருக்கு ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் போகும். அதோடு சிறுநீரில் புரதம் போவதோ, கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவதோ சேரும்போது அதை ப்ரீஎக்லாம்ப்சியா என்கிறோம். அதன் முதல் அடையாளம் கண்ணில் தெரியலாம். கண் முன்னால் மின்னல் போல வெளிச்சம் தெறிப்பது, கரும்புள்ளியோ திட்டோ மறைப்பது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, பார்வையின் ஒரு பகுதியே காணாமல் போவது, திடீரென்று மங்குவது எல்லாம் இதில் வரும். கூடவே விடாத தலைவலி, விலா எலும்புக்குக் கீழே வலப்பக்க வயிற்று வலி, முகமும் கைகளும் வீங்குவது இருந்தால் இன்னும் கவனம் தேவை. இப்படி எது இருந்தாலும் போக வேண்டிய இடம் கண்ணாடிக் கடை இல்லை. பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்கு அன்றே, அந்த நேரத்திலேயே போக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம்வரை இந்தப் பிரச்சினை தலைகாட்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் சொல்வது அப்படித் தெரியவில்லை. ஒரு மாதமாக மெதுவாக வந்திருக்கிறது, இரண்டு கண்ணிலும் ஒரே அளவு, தூரத்தில் மட்டும். பவர் மாறுவதன் இயல்பு அதுதான். இருந்தாலும் அடுத்த பரிசோதனை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் இந்த வாரமே அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

சரி, ஏன் இப்போது பவர் ஏறுகிறது? கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் மாறி உடம்பில் நீர் தங்குகிறது. பாதம் வீங்குவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணின் முன்புறத்தில் இருக்கும் கார்னியாவும் நீர் பிடித்துச் சற்றுத் தடிக்கிறது, வளைவும் கூடுகிறது. கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கார்னியாவுடையது. அதனால் அதில் நடக்கும் நுணுக்கமான மாற்றம்கூட பவரில் எதிரொலிக்கும். கார்னியாவின் வளைவு ஆரம் சுமார் 7.8 மி.மீ. இருக்கும். அது 7.7 ஆனாலே போதும், பவரை அளக்கும் அலகான டயாப்டரில் அரைக்கு மேல் மைனஸ் கூடிவிடும். மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம்! பிரசவத்துக்குப் பிறகு நீர் வடியும்போது இந்த வளைவும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. சிலருக்குத் தாய்ப்பால் நிறுத்தும்வரைகூட ஆகலாம்.

இதோடு இன்னொரு விஷயமும் கலந்திருக்கலாம். கர்ப்பத்தில் கண்ணீரின் தன்மை மாறி, கண் வறண்டுபோவது சகஜம். வறண்ட கண்ணில் பவர் பார்த்தால் எண் சரியாக நிற்காது. வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் மறைத்து, சற்றுத் தள்ளி மாட்டியிருக்கும் காலண்டரின் எழுத்தைப் பாருங்கள். நன்றாக இரண்டு மூன்று முறை இமைத்தவுடன் எழுத்து தெளிந்து, சில விநாடியில் மறுபடி மங்கினால் வறட்சியின் பங்கு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு தடித்த அட்டையில் ஊசியால் துளை போட்டு, கண்ணாடிக்கு முன்னால் பிடித்து அதன் வழியாக அதே எழுத்தைப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பவர்தான். துளை வழியாகப் பார்த்தும் தெளியவில்லை, அல்லது நேர்கோடுகள் வளைந்து தெரிகின்றன, அல்லது ஒரு கண்ணில் மட்டும் நடுவில் மங்கலான வட்டம் இருக்கிறது என்றால் விழித்திரையைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. அதற்கு எந்தக் கண்ணாடியும் உதவாது, கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

சர்க்கரையையும் கேட்டாக வேண்டும். கர்ப்பகால நீரிழிவுக்கான பரிசோதனையை வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள் செய்வார்கள். உங்களுக்கு அது முடிந்திருக்கும், முடிவை எடுத்துப் பாருங்கள். சர்க்கரை அதிகமாக இருந்தால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மாற்றமடைந்து மைனஸ் கூடும். சிகிச்சையில் சர்க்கரை இறங்கும்போது பவர் எதிர்ப்பக்கம் போகும். அந்தச் சில வாரங்களில் எந்தத் தேதியில் அளந்தீர்களோ அந்தத் தேதிக்குத்தான் அந்தக் கண்ணாடி பொருந்தும். கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவு இருந்தவர்கள் கண்ணாடியைத் தள்ளிப்போடலாம், விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பத்தில் நீரிழிவு விழித்திரைப் பாதிப்பு வேகமாகக் கூடலாம்.

இனி உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். இப்போது உங்கள் கண்ணுக்கு 2.75 தேவை, போட்டிருப்பது 2. குறைவது 0.75. இதன் அர்த்தம், பழைய கண்ணாடியோடு சுமார் 1.3 மீட்டர்வரை உங்களுக்கு எல்லாமே தெளிவாகத் தெரியும். போன், கம்ப்யூட்டர், சமையல் மேடை, எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் முகம் எல்லாம் அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு அப்பால்தான் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். டி.வி.யில் ஓடும் சின்ன எழுத்து, தெருமுனைப் பெயர்ப்பலகை, வருகிற பேருந்தின் எண் இவையெல்லாம் சிரமப்படுத்தும். டி.வி.க்குச் சற்று அருகில் உட்கார்ந்தால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும்.

இதற்குப் பதிலாக இப்போதே 2.75 போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரசவமாகி இரண்டு மாதத்தில் கண் பழைய 2-க்குத் திரும்புகிறது. மூக்கின் மேல் 0.75 அதிகமாக உட்கார்ந்திருக்கும். நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான், ஏனென்றால் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. 27 வயதில் கண், லென்ஸைச் சுற்றியிருக்கும் தசையை இறுக்கி அந்த அதிகப்படியைச் சமாளித்துவிடும். தூரத்துப் பலகை பளிச்சென்று தெரியும், ‘கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது’ என்று நினைப்பீர்கள். ஆனால் தசைக்கு ஓய்வே இல்லை. 40 செ.மீ. தூரத்தில் போனைப் பார்க்க அது 2.5 டயாப்டர் உழைத்தால் போதும், இப்போது 3.25 உழைக்க வேண்டும். ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுத்தபடி போனைப் பார்க்கும்போது புருவத்துக்கு மேலே பாரமாக இருக்கும், தலை வலிக்கும், நிமிர்ந்து பார்த்தால் எதிர்ச்சுவர் ஒரு கணம் மங்கித் தெளியும். தூக்கமில்லாததால் வருகிறது என்று அதையும் விட்டுவிடுவீர்கள். அடுத்த முறை அவசரமாக பவர் பார்க்கும்போது, இறுகியே பழகிய கண் மறுபடி 2.5 அல்லது 2.75 என்றே காட்டலாம். தற்காலிகமாக வந்த எண் இப்படித்தான் சீட்டில் நிரந்தரமாகிவிடுகிறது.

அப்படியானால் யாருமே மாற்றக் கூடாதா? அப்படி இல்லை. வண்டி ஓட்டுகிறவர்கள், தூரத்தைத் தெளிவாகப் பார்த்தே தீர வேண்டிய வேலையில் இருப்பவர்கள், கண்ணாடி உடைந்துபோனவர்கள் காத்திருக்க முடியாது. பலகை படிக்க முடியாத கண்ணோடு வண்டி ஓட்டுவதைவிட தற்காலிகக் கண்ணாடி எவ்வளவோ மேல். பழைய ஃபிரேமிலேயே சாதாரண லென்ஸ் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், விலை உயர்ந்த கோட்டிங் எதுவும் வேண்டாம். கண் மருத்துவரிடம் கேட்டால், முழு 0.75-ஐயும் ஏற்றாமல் தேவையான அளவு மட்டும் கொடுக்க முடியுமா என்று பார்ப்பார். கழற்றிய பழைய லென்ஸைப் பத்திரமாக வையுங்கள். மாற்றம் 1 டயாப்டரைத் தாண்டினாலோ, இரண்டு கண்ணுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வந்தாலோ, அது கர்ப்பத்தால்தான் என்று விட்டுவிடாமல் காரணம் தேடச் சொல்லுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இந்த மாதங்களில் அது உறுத்தலாம். அப்படியானால் கண்ணாடிக்கு மாறிக்கொள்வதே போதும்.

பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் கழித்து பவர் பாருங்கள். போகும்போது பழைய கண்ணாடியையும், இப்போது 2.75 என்று எழுதிய சீட்டையும் கொண்டுபோங்கள். பிரசவ தேதியையும், பால் கொடுப்பதையும் சொல்லுங்கள். கண்ணைத் தளர்த்திவிட்டு அளக்கச் சொல்வது முக்கியம். எண் 2 அல்லது 2.25 வந்தால் பழைய கண்ணாடியே ஓடும். அதைவிட அதிகமாக வந்தால் அன்றே ஆர்டர் கொடுக்க வேண்டாம். மூன்று நான்கு வாரம் கழித்து, ஏறக்குறைய அதே நேரத்தில், அதே இடத்தில் மறுபடி பாருங்கள். இரண்டு அளவுக்கும் இடையே 0.25-க்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் அந்த எண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். கண்ணாடியே வேண்டாம், லேசர் செய்துகொள்ளலாம் என்ற யோசனை இருந்தால், தாய்ப்பால் நிறுத்திச் சில மாதங்கள் கழித்து, பவர் அசையாமல் நிற்கிறது என்று உறுதியான பிறகே அந்தப் பேச்சை எடுங்கள்.