பென்ஷனை நம்பிக் கல்யாணக் கடன் வாங்கலாமா?

*வயது 68. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பென்ஷன் மாதம் 24,000 ரூபாய், பிடித்தம் எதுவும் இல்லை. வீடு சொந்தம். மகள் கல்யாணத்துக்கு 7 லட்சம் ஆகும். அதில் 3 லட்சம் புது நகைக்கு. டெபாசிட் 3 லட்சம் இருக்கிறது. மனைவியிடம் 8 பவுன் உண்டு. மீதி 4 லட்சத்துக்கு பென்ஷன் லோன் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். வாங்கலாமா?*

4 லட்சம் வேண்டாம் ஐயா. 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,700 ரூபாய். மீதி 15,300-இல் உங்கள் இருவர் செலவை எப்படியோ ஓட்டிவிடலாம். வங்கியும் உங்கள் பென்ஷனைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் மனைவிக்கு வரப்போகும் குடும்ப ஓய்வூதியத்தை.

அது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். முழுப் பென்ஷன் 50 சதவீதம் என்பதால், உங்கள் 24,000 அவருக்கு 14,400 ஆகிவிடும். பென்ஷன் லோனில் பெரும்பாலும் மனைவியிடம்தான் ஜாமீன் கையெழுத்து வாங்குவார்கள். உங்களுக்குப் பின் தவணை அவர் பணத்திலிருந்து போகும். 8,700 போனால் அவர் கையில் 5,700 மிஞ்சும். மருந்துக்கே காணாது.

அவரால் தாங்கக்கூடிய தவணை, அந்த 14,400-இல் கால் பங்குக்குள் இருக்கட்டும். 1.5 லட்சம் கடனுக்குத் தவணை சுமார் 3,260 ரூபாய்தான். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டெபாசிட்டிலும் 50,000 ரூபாயை ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று தொடாமல் வையுங்கள். 2.5 லட்சமும் 1.5 லட்சமும் சேர்ந்து 4 லட்சம். மண்டபம், சாப்பாடு, துணிமணிக்கு நீங்கள் போட்ட கணக்கும் அதுவே.

நகைக்கு, அம்மாவின் நகையில் இருந்தே மகளுக்குப் போடுங்கள். கடையில் மாற்றாமல் மெருகு மட்டும் போட்டுக் கொடுத்தால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எதுவும் இல்லை. மனைவி மனமுவந்து சம்மதித்தால் மட்டுமே இது சரி. புது நகைதான் வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் வற்புறுத்தினால், கடன் வாங்குவதற்கு முன்பே மகளையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.

மொய் வந்ததும் அடைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் மொய் நோட்டை எடுத்து, பிறர் வீட்டு விசேஷங்களில் நீங்கள் செய்ததைக் கூட்டிப் பாருங்கள். திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான். அதற்கு மேல் வருவது நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய மொய், அதுவும் கடன்தான்.

கையெழுத்துப் போடும்முன் இரண்டு விஷயம் கேளுங்கள். கடனுக்கு ஆயுள் காப்பீடு உண்டா, அதன் பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே சேர்க்கிறார்களா? முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா? இதற்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, இந்த மாதத்திலிருந்தே 3,260 ரூபாயை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். மூன்று மாதத்தில் ஒரு முறையாவது அதிலிருந்து எடுக்க நேர்ந்தால், 1.5 லட்சமும் உங்களுக்கு அதிகம். பந்தி எண்ணிக்கையைக் குறையுங்கள்.