லண்டன் டாக்டர் அனுப்பிய பார்சலுக்கு கஸ்டம்ஸ் கட்டணமா? கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர்): சார், என் அக்காவுக்கு 39 வயது. மறுமணத்துக்கு வரன் பார்க்கிறோம். மேட்ரிமோனியில் லண்டனில் எலும்பு டாக்டர் என்று ஒருவர் வந்தார். மூன்றாவது வாரமே நகை, ஐபோன், கொஞ்சம் பவுண்டு எல்லாம் பார்சலில் போட்டுவிட்டேன் என்றார். நேற்று டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ் என்று ஒரு பெண் பேசினார். 38,500 ரூபாய் கட்டினால் விட்டுவிடுவார்களாம். ரசீது, பார்சல் போட்டோ, பணம் போட வேண்டிய கணக்கு எண் எல்லாம் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. நான் சென்னையில் விமான சரக்குகளுக்கு கஸ்டம்ஸ் புரோக்கர். பார்சல் விடுவிப்பதுதான் என் பிழைப்பு. எந்த கஸ்டம்ஸ் அதிகாரியும் பார்சல் வாங்குபவருக்கு போன் போட்டு, இந்தக் கணக்கில் பணம் போடு என்று சொல்வதில்லை.

வெளிநாட்டுப் பார்சல் இரண்டு வழியில் வரும். தபாலில் வந்தால், வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் இருக்கும் கஸ்டம்ஸ்காரர்கள் பார்த்து வரியை எழுதிவிடுவார்கள். அதை வீட்டுக்கு வரும் தபால்காரரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு பெட்டியை வாங்குவீர்கள். கூரியரில் வந்தால், கூரியர் கம்பெனியே உங்கள் பெயரில் கஸ்டம்ஸில் கணக்குக் காட்டி வரியைக் கட்டிவிட்டு, தன் பெயரில் பில் போட்டு உங்களிடம் வசூலிக்கும். இரண்டிலும் அதிகாரியும் நீங்களும் பேசிக்கொள்ள வேண்டிய இடமே இல்லை.

இப்போது நீங்கள் அனுப்பியதைப் பார்ப்போம். ரசீதில் பிரிட்டிஷ் தபால் முத்திரை இருக்கிறது. ஆனால் நாடு விட்டு நாடு வரும் தபால் பார்சலின் எண் 13 இடம் கொண்டது: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டெழுத்து. பிரிட்டனிலிருந்து வந்தால் GB என்று முடிய வேண்டும். உங்கள் ரசீதில் இருப்பது IND என்று முடிகிற ஏதோ ஒன்று. இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டால் வாங்கிக்கொள்ளவே இல்லை. அடுத்து, பணம் போடச் சொன்ன கணக்கு ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு. அரசு வரி எந்த ஊரிலும் தனி ஆள் கணக்குக்குப் போகாது. எனக்கு இந்த ஒன்றே போதும்.

டெல்லியிலிருந்து ஏன் பேச வேண்டும் என்று உங்கள் மாமா சந்தேகப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். சந்தேகம் சரி, காரணம் சரியில்லை. லண்டன் கூரியர் டெல்லியில் இறங்கித் தமிழ்நாட்டுக்கு வருவதும் உண்டு.

இன்னொன்று, அந்தப் பவுண்டு. பெரிய கூரியர் கம்பெனிகள் ரூபாய் நோட்டோ பவுண்டு நோட்டோ பார்சலில் வாங்குவதில்லை. அப்படியிருக்க அவன் ஏன் பவுண்டைச் சொன்னான்? அடுத்த போனுக்காக. 38,500 கட்டிய மறுநாள், 'ஸ்கேனில் 50,000 பவுண்டு தெரிந்தது, கருப்புப் பணம் இல்லை என்று சான்றிதழ் வாங்க ஒன்றரை லட்சம் ஆகும்' என்பார்கள். அதைக் கட்டினால் வருமான வரி, அப்புறம் பவுண்டை ரூபாயாக மாற்றும் கட்டணம். பெட்டிக்குள் அரை கோடிக்கு மேல் கிடக்கிறது என்று மனம் கணக்குப் போட்டுவிட்டால், ஒன்றரை லட்சம் சின்னதாகத் தெரியும். முதலில் கட்டியது வீணாகிவிடுமே என்ற தவிப்பும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி (அதே திருப்பூர்): நான் சொன்னால் அக்கா நம்ப மாட்டேன் என்கிறாள். எனக்குப் பொறாமையாம்.

பதில்: வாதம் செய்யாதீர்கள். அக்கா கையாலேயே அவனுக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள்: 'வரியை அனுப்புபவரே கட்டுகிற மாதிரி மாற்றிவிடுங்கள்.' கூரியரில் அப்படி ஒரு வசதி உண்மையிலேயே இருக்கிறது. புக் செய்யும்போதே வரியை யார் கட்டுவது என்று கேட்பார்கள். லட்சக்கணக்கில் நகை அனுப்பும் டாக்டருக்கு 38,500 ஒரு பணமே இல்லை. அவன் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறேன், கார்டு முடங்கிவிட்டது, உனக்கு என் மேல் நம்பிக்கை இல்லையா என்று சுற்றி வளைப்பான். அதை அக்கா தன் கண்ணால் படிக்கட்டும். அப்போதும் நம்பாமல் போகலாம், சிலர் நம்புவதில்லை. அந்த நிலையில் வங்கி அட்டையைப் பிடுங்கி வைப்பதா என்பதெல்லாம் உங்கள் வீட்டு விஷயம், நான் சொல்ல முடியாது.

கேள்வி (மதுரை): அண்ணே, பரிசுப் பொருள் 5,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் போனால் வரி உண்டு என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் நகைக்கு வரி கேட்பது நியாயம்தானே?

பதில்: பாதி சரி. அந்த 5,000 ரூபாய் சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது. ராக்கி, உயிர் காக்கும் மருந்து மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. ஆகவே நிஜமாகவே நகை வந்தால் நிஜமாகவே வரி உண்டு. ஏமாற்றுக்காரனுக்கு இந்த உண்மைதான் உதவுகிறது. வரி உண்டா என்று கூகுளில் தேடுபவருக்கு உண்டு என்றே பதில் வரும், உடனே போனில் பேசியவர் மேல் நம்பிக்கை வந்துவிடும். கேட்க வேண்டியது வேறு: யாருக்குக் கட்டுகிறேன், எந்தக் கணக்குக்கு, எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று எழுதிய பில் எங்கே?

கஸ்டம்ஸ் கடிதம் என்று பி.டி.எஃப். அனுப்பினால் அதில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கிறதா பாருங்கள். 2019 நவம்பரிலிருந்து சுங்கத்துறை அனுப்பும் கடிதங்களில் 20 இடம் கொண்ட அந்த எண் இருக்க வேண்டும். cbic.gov.in தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். அசோகச் சக்கரமும் சிவப்பு சீலும் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

கேள்வி (திருச்சி): என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகளுக்குத் துணிமணி அனுப்பினான். கூரியர் கம்பெனி ஆதார் கேட்டு மெயில் போடுகிறது, வரியும் கேட்கிறது. இதுவும் மோசடியா? ரொம்பப் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா, இது பெரும்பாலும் நிஜமாகத்தான் இருக்கும். கூரியரில் வரும் பார்சலுக்கு வாங்குபவரின் அடையாளச் சான்று கட்டாயம் வேண்டும். ஆனால் மெயிலில் உள்ள லிங்க்கைத் தட்டாதீர்கள். அண்ணனிடம் கூரியர் எண்ணைக் கேட்டு வாங்கி, கம்பெனித் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, அதில் போட்டுப் பாருங்கள். பார்சல் அங்கே காட்டினால், அங்கேயே ஆதாரை ஏற்றிப் பணத்தையும் கட்டுங்கள். உங்களுக்கும் திருப்பூர்க்காரருக்கும் உள்ள வித்தியாசம், அனுப்பியவரை உங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

கேள்வி (சென்னை): நான் ஏமாந்துவிட்டேன். முதலில் 42,000, நேற்று மாலை 1,41,000 போட்டேன். இன்று மூன்றாவதாகக் கேட்டபோது முடியாது என்றேன். பார்சல் உங்கள் பெயரில் வந்திருக்கிறது, வெளிநாட்டுப் பணம் கடத்தியதாகக் கைது செய்வோம் என்கிறார்கள். அலுவலகத்தில் உட்கார முடியவில்லை.

பதில்: இதைப் படித்ததும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். நேற்று மாலை போட்ட பணம் இன்னும் ஏதோ ஒரு கணக்கில் நின்றுகொண்டிருந்தால், அதை நிறுத்திவைக்கச் செய்வார்கள். அவர்கள் ஒரு கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். நாலைந்தாகப் பிரித்து, ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் அவசரம். போன் போடும்போது உங்கள் வங்கிக் கணக்கு எண், பரிமாற்ற எண், தேதி, நேரம், தொகை கையில் இருக்கட்டும். பிறகு cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

அவனை பிளாக் செய்யும் முன் வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் எடுத்து வையுங்கள். மேட்ரிமோனி பக்கத்தின் எண்ணோடு ஸ்க்ரீன்ஷாட்டும் எடுங்கள். நீங்கள் சுதாரித்தது தெரிந்தால் அந்தப் பக்கம் காணாமல் போய்விடும்.

கைது மிரட்டலை விடுங்கள். நிஜமாகவே ஒரு பார்சல் வந்திருந்தாலும், நீங்கள் ஆர்டர் செய்யாத பொருளை வேண்டாம் என்று சொல்லலாம். சுங்கச் சட்டத்தின் 23-வது பிரிவில், சரக்கின் உரிமையைக் கைவிட்டால் வரி கட்ட வேண்டாம் என்றே இருக்கிறது. உங்கள் விஷயத்தில் கைவிடுவதற்குப் பெட்டியே இல்லை.

கேள்வி (நாகர்கோவில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்): ஒரு சின்னத் திருத்தம். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சென்னைச் சகோதரி வங்கியிடமே முழுப் பணத்தையும் கேட்கலாமே?

பதில்: சார், அந்தச் சுற்றறிக்கை எனக்கும் தெரியும். ஆனால் அது வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடந்த பரிமாற்றத்துக்கு. இங்கே அவரே பெறுநர் பெயரைச் சேர்த்து, அவரே ஓ.டி.பி. போட்டு அனுப்பியிருக்கிறார். ஏமாற்றித்தான் போட வைத்தார்கள், ஆனாலும் வங்கி இதை அனுமதித்த பரிமாற்றம் என்றுதான் சொல்லும். பணம் போன கணக்கைச் சரியாக விசாரிக்காமல் திறந்துகொடுத்த வங்கியின் மேல் குறை சொல்லி, வங்கிப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். ஜெயிக்குமா என்றால், நீங்கள் வங்கியில் இருந்தவர், உங்களுக்கே தெரியும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அதை நம்பி 1930-ஐத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி (தஞ்சாவூர்): நாங்கள் வீடியோ காலில் மாப்பிள்ளையைப் பார்த்தோம். முகம் போட்டோவோடு ஒத்துப்போகிறது. அப்படியும் ஏமாற்ற முடியுமா ஐயா?

பதில்: முடியும். எவ்வளவு நேரம் பேசினார், நீங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னாரா என்று யோசியுங்கள். பத்து வினாடி தெரிந்து, நெட் சரியில்லை என்று கட்டாகியிருந்தால் அது யாரோ ஒரு மனிதரின் பழைய வீடியோவாக இருக்கலாம். அரைமணி நேரம் பேசியிருந்தால் என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. கஸ்டம்ஸ் பேச்சு இன்னும் வரவில்லை என்கிறீர்கள். டாக்டர் என்றால் பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் பதிவேடு எல்லாரும் பார்க்கத் திறந்தே இருக்கிறது. பெயர் அங்கே இல்லை என்றால் விஷயம் முடிந்தது. இருந்தாலும், இன்னொருவர் பெயரை இவர் எடுத்திருக்கலாம். அவர் வேலை செய்யும் மருத்துவமனையின் பொது எண்ணுக்கு போன் போட்டுக் கேளுங்கள், அவர் கொடுத்த எண்ணுக்கு வேண்டாம்.

கேள்வி (சேலம்): நான் எதிர்ப்பக்கம், கோபப்படாதீர்கள். என் மகன் கல்லூரிப் பையன். நண்பன் கேட்டான் என்று மாதம் 5,000 ரூபாய்க்குத் தன் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடுத்திருக்கிறான். இப்போது கணக்கு முடங்கிவிட்டது, வேறு மாநில போலீஸ் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கல்யாண பார்சல் கேஸாம்.

பதில்: ஐயா, திருப்பூர்க்காரர் அனுப்பிய கணக்கு எண்ணும் இந்த மாதிரி ஒரு பிள்ளையுடையதாகத்தான் இருக்கும். போனில் பேசியவனை யாரும் பார்ப்பதில்லை, கணக்குக்காரன்தான் முதலில் மாட்டுகிறான். நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். கிரிமினல் வக்கீல் ஒருவரை உடனே பார்த்து, அவர் மூலமாகப் பதில் சொல்லுங்கள். அந்த நண்பனோடு நடந்த பேச்சு, அவன் கொடுத்த பணம் எல்லாவற்றையும் பையன் அழிக்காமல் வைக்கட்டும். கணக்கைத் திறக்க பெரும்பாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட வேண்டிவரும். தெரியாமல் கொடுத்தான் என்று விடுவார்களா, 5,000 வாங்கியதால் தெரிந்தே கொடுத்தான் என்பார்களா என்பது என் அறிவுக்கு மேற்பட்டது.

கேள்வி (சென்னை): 1930-ல் பதிந்துவிட்டேன். 61,000 நிறுத்திவைத்திருப்பதாக மெசேஜ் வந்தது. ஆனால் இன்னொருவர் போன் செய்து, சைபர் செல்லில் ஆள் இருக்கிறது, 10 சதவீதம் முன்பணம் கொடுத்தால் மீதியையும் மீட்டுத் தருகிறேன் என்கிறார்.

பதில்: அவர் அதே கூட்டம், அல்லது உங்கள் எண்ணை அவர்களிடம் வாங்கியவர். வையுங்கள் போனை. அந்த 61,000-ஐத் திரும்பப் பெற கோர்ட் உத்தரவு கேட்பார்கள். புகார் எண்ணோடு உங்கள் பகுதி சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய், அதற்கான மனுவை எந்தக் கோர்ட்டில் போடுவது என்று கேளுங்கள். நாளைக்கே போங்கள்.