மூத்தவர்கள் முன் முதல் பேச்சு: எடைத் தட்டிலிருந்து தொடங்குங்கள்

“மண்டபம் பக்கத்தில் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனி ஒன்றில் திங்கட்கிழமை குழுத் தலைவியாகச் சேருகிறேன். எனக்கு 26 வயது. குழுவில் உள்ள 14 பெண்களும் 40 வயதைத் தாண்டியவர்கள். சிலர் என் அம்மாவைவிட மூத்தவர்கள். முதல் நாள் அவர்கள் முன்னால் என்ன பேசுவது?”

இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு, அவித்த நண்டு மேசைக்கு வந்தபின் கழியும் ஒவ்வொரு நிமிடமும் கூலி இழப்பு. ஐஸை விட்டு வெளியே காத்திருக்கும் சதைக்கும் அது நல்லதல்ல. ஆகவே நண்டு மேசைக்கு வருமுன், அவர்கள் கை கழுவப் போவதற்கு முன்பே, அவர்களோடு ஒன்றாக நின்றபடி பேசி முடித்துவிடுங்கள்.

நான் 25 வயதில் மீன் பதப்படுத்தும் கூடம் ஒன்றில் இதே நிலையில் நின்றபோது, “நான் சின்னப் பெண், தப்பு இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று தொடங்கினேன். பணிவாகப் பேசிவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். மூன்றாம் நாள் ஓட்டுத் துணுக்கு கிடந்த ஒரு தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, “சின்னப் பிள்ளைதானே, உனக்குப் பழக இன்னும் நாளாகும்” என்று சொல்லி அதை வாங்க மறுத்துவிட்டார்கள். வயதைக் குறையாக முதலில் சொன்னது நான்தான். அவர்கள் அதை என்னிடமே திருப்பித் தந்தார்கள். படிப்பைச் சொல்லித் தொடங்கியிருந்தாலும் பலன் வேறாக இருந்திருக்காது. மூத்தவர்கள் உங்களிடம் அறிய விரும்புவது உங்கள் வயதையோ பட்டத்தையோ அல்ல. தங்கள் எடையும் கூலியும் உங்கள் கையில் என்ன ஆகும் என்பதைத்தான்.

அதனால் பேச்சின் நடுப்பகுதி அதுவாகவே இருக்கட்டும். மாதிரிக்கு ஒன்று எழுதித் தருகிறேன். உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

“எல்லாருக்கும் வணக்கம். என் பெயர் இன்னது, ஊர் இன்னது. இன்று முதல் இந்த மேசையின் எடை, தரம், நேரம் மூன்றுக்கும் நான் பொறுப்பு. நண்டு உடைப்பதில் உங்கள் கைக்கு நான் ஈடில்லை, அதை உங்களிடமிருந்து கற்றுக்கொள்வேன். உங்கள் தட்டை உங்கள் கண் முன்னே எடை போட்டு, உங்கள் பெயருக்கு நேரே எழுதி, அதை நீங்கள் பார்த்த பிறகுதான் நகர்த்துவேன். சதையில் ஓடு இருந்தால் தட்டு திரும்பி வரும். யாருடைய தட்டாக இருந்தாலும் வரும், ஆனால் எல்லார் முன்னிலையிலும் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டேன். இந்த வாரம் எந்த முறையையும் மாற்றப் போவதில்லை. மாற்ற வேண்டியது உங்களுக்குத் தெரிந்திருந்தால் தேநீர் நேரத்தில் சொல்லுங்கள்.”

இதில் “கற்றுக்கொள்வேன்” என்பதும் “தட்டு திரும்பி வரும்” என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் என் கதைதான் நடக்கும். இரண்டாவது மட்டும் இருந்தால் வந்த அன்றே அதிகாரம் செய்கிறாள் என்பார்கள். கூலியை உயர்த்தித் தருவதாக மட்டும் வாய்விடாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. எடையை நேர்மையாகப் போடுவது உங்கள் கையில் இருக்கிறது.

முந்தின நாளே, அந்த மேசையில் நெடுநாள் இருப்பவர் யாரென்று கேட்டு, அவரைத் தனியே பார்த்து வந்துவிடுவது நல்லது. ஆதரவு கேட்கப் போக வேண்டாம், “உங்களை எப்படிக் கூப்பிடட்டும், அக்கா என்றா, அம்மா என்றா?” என்று கேட்டாலே போதும். ஒருவரை அக்கா என்றும் அவர் வயதையொத்த இன்னொருவரைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டால் மனக்கசப்பு அன்றைக்கே தொடங்கிவிடும். எல்லாருக்கும் “நீங்கள்” தான். அவர்கள் உங்களை “வா, போ” என்றால் திருத்தாதீர்கள். இந்தக் கடற்கரையில் அது பெரும்பாலும் உரிமையில் வருவது, அவமதிப்பில் அல்ல.

“உனக்கு நண்டு உடைக்கத் தெரியுமா?” என்று ஒருவராவது கேட்பார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, அன்றே அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து உடையுங்கள். நீங்கள் எடுத்த சதையை அவர் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். அவர் செலவிட்ட நேரத்துக்கு அதுதான் ஈடு.

பேச்சு எடுபட்டதா என்பது கைதட்டலில் தெரியாது. முதல் வாரத்தில் எடையில் சந்தேகம் வந்தால் யாரிடம் போகிறார்கள் என்று பாருங்கள். நேரே மேலாளரிடம் போனால், மறுபடி கூட்டிப் பேசாமல், அந்த ஒருவரின் தட்டை அவர் முன்னாலேயே மீண்டும் எடை போட்டுக் காட்டுங்கள்.